ஒரு குடும்பம், இரண்டு கோடுகள்: குறைந்தபட்ச ஊதியமும் வாழ்வூதியமும் கணக்கிடப்படும் விதம்

ஒரு குடும்பம் மாதம் முழுக்கச் சத்தாகச் சாப்பிட, ஒழுகாத வீட்டுக்கு வாடகை கொடுக்க, பிள்ளைகளைப் படிக்கவைக்க, நோய்நொடிக்கு வைத்தியம் பார்க்க எவ்வளவு ஆகும் என்று கூட்டி, அந்தத் தொகையை வீட்டில் சம்பாதிப்பவர்களுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு வருவது வாழ்வூதியம். இதற்குக் கீழே யாரும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று அரசு போடும் கோடு குறைந்தபட்ச ஊதியம். முதலாவது செலவிலிருந்து கிளம்புகிறது. இரண்டாவது, நலிந்த தொழிலும் தாங்க வேண்டும், வேலைவாய்ப்பும் குறையக் கூடாது, தொழிலாளியின் தேவையும் ஓரளவு நிறைவேற வேண்டும் என்ற பேரத்தில் முடிகிறது. பல நாடுகளில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்காததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

வாழ்வூதியம் என்ற சொல் பழையது. 1919இல் எழுதப்பட்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சாசன முன்னுரையிலேயே அது இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த அமைப்பு உறுப்பினர்கள் ஒத்துக்கொண்ட ஒரு விளக்கத்தைத் தந்தது 2024இல்தான். தொழிலாளியும் குடும்பமும் கண்ணியமான வாழ்க்கைத் தரத்தில் வாழத் தேவையான ஊதியம், அந்தந்த நாட்டின் சூழலைக் கருத்தில் கொண்டு, வழக்கமான வேலை நேரத்துக்குள் செய்யும் வேலைக்குக் கணக்கிடப்படுவது என்பது அதன் சாரம். இந்த 'வழக்கமான வேலை நேரத்துக்குள்' என்ற பகுதியை மறந்துவிட வேண்டாம். கணக்கின் கடைசியில் அது பெரிய வேலை செய்யும்.

சட்டக் கோடு எப்படிப் போடப்படுகிறது

குறைந்தபட்ச ஊதியத்துக்கு உலகம் முழுக்கப் பொதுவான சூத்திரம் ஏதும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 131ஆம் உடன்படிக்கை, 1970ஆம் ஆண்டினது, இரண்டு தட்டுகளை மட்டும் சொல்கிறது: ஒரு தட்டில் தொழிலாளர்களின், அவர்கள் குடும்பத்தின் தேவைகள், மறு தட்டில் பொருளாதார வளர்ச்சி, உற்பத்தித்திறன், வேலைவாய்ப்பு. எந்தத் தட்டுக்கு எவ்வளவு எடை என்பதை அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

நடைமுறையில் இரண்டு வழிகள் அதிகம் காணப்படுகின்றன. ஒன்று, நாட்டின் நடுமட்ட ஊதியத்தோடு ஒப்பிடுவது. எல்லாத் தொழிலாளர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவர் வாங்குவதை எடுத்து, அதில் இத்தனை விழுக்காடு என்று வைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த நெறிமுறை, நடுமட்ட ஊதியத்தில் 60 விழுக்காடு அல்லது சராசரி ஊதியத்தில் 50 விழுக்காடு என்பதை வழிகாட்டும் அளவாகச் சொல்கிறது. இந்த வழியில் தரவு எளிதாகக் கிடைக்கும், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஆனால் இதில் ஒரு வீட்டு வாடகைகூட எங்கும் நுழைவதில்லை. நடுவில் நிற்பவரே குடும்பம் நடத்தத் திணறும் நாட்டில் அவர் சம்பளத்தில் 60 விழுக்காடு என்பது திணறலின் ஐந்தில் மூன்று பங்குதான். பெயரும் ஏமாற்றலாம். பிரிட்டனில் 2016 முதல் சட்டப்படியான ஊதியத்துக்கே 'தேசிய வாழ்வூதியம்' என்று பெயர். அது நடுமட்ட ஊதியத்தை வைத்து நிர்ணயிக்கப்படுவது. அங்கேயே செலவுக் கணக்கிலிருந்து கிளம்பும் இன்னொரு வாழ்வூதியமும் உண்டு. அதைக் கொடுப்பது நிறுவனங்களின் விருப்பம்.

இன்னொரு வழி, சட்டக் கோட்டையே தேவையிலிருந்து போட முயல்வது. இதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு 1957இல் இந்தியாவின் 15ஆம் தொழிலாளர் மாநாடு வகுத்த அளவுகோல். தொழிலாளியின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாக அது எண்ணியது. ஆணுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. அலகு ஒன்றுக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் சொன்ன குறைந்தபட்சப் பரப்புக்கு உரிய வாடகை. விறகு, விளக்கு, மற்ற சில்லறைச் செலவுக்கு மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் போன்றவற்றுக்கு இன்னொரு 25 விழுக்காடு வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது.

இந்த அளவுகோலைக் கையாளும்போது திரும்பத் திரும்ப நடக்கும் பிழை ஒன்று உண்டு. 'மொத்தத்தில் 20 விழுக்காடு' என்பதும் 'கூட்டிய தொகைமேல் 20 விழுக்காடு' என்பதும் வேறு வேறு. உணவு, துணி, வாடகை சேர்ந்து 80 என்றால் அது மொத்தத்தின் ஐந்தில் நான்கு பங்கு, ஆகவே மொத்தம் 100. எண்பதின்மேல் 20 விழுக்காடு கூட்டினால் 96தான் வரும். அடுத்த 25 விழுக்காட்டுக்கும் இதே கதை. மொத்தத்தில் கால்பங்கு என்று படித்தால் 100 என்பது 133 ஆகும். மேலே கூட்டும் கால்பங்கு என்று படித்தால் 125. பேச்சுவார்த்தை மேசையில் இரு தரப்பும் ஒரே சூத்திரத்தைச் சொல்லி வேறு வேறு தொகை காட்டினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த வகுத்தலை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மூன்று அலகுக்குத் தலா 2,700 என்றால் வீட்டுக்கு 8,100 கலோரி. நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2,025. அதுவும் மொத்தச் செலவையும் ஒரே ஒருவர் சம்பாதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. மனைவியின் வருமானத்தை அது எண்ணவே இல்லை. சம்பாதிப்பவர் எத்தனை பேர் என்ற இந்தக் கேள்விக்குக் கீழே திரும்பி வருவோம். வாழ்வூதியக் கணக்கையே அதிகம் அசைப்பது அதுதான்.

செலவிலிருந்து கிளம்பும் கணக்கு

இன்று பல நாடுகளில் பயன்படும் வாழ்வூதிய முறை, ரிச்சர்ட் ஆங்கர், மார்த்தா ஆங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்தது. அதைத் தழுவி ஒரு கற்பனைக் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் தொகைகள் எந்த நாட்டுப் பணமும் இல்லை. கணக்கின் ஓட்டம் தெரிவதற்காக வைத்த எண்கள். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர்.

முதலில் உணவு. ஊரில் மக்கள் உண்மையில் சாப்பிடுவதை வைத்து, விலை மலிவான, ஆனால் சத்துக் குறையாத ஒரு மாதிரி உணவுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். தானியம், பருப்பு, காய், பழம், எண்ணெய், பால் அல்லது இறைச்சி என்று ஒவ்வொன்றும் நாளைக்கு இத்தனை கிராம் என எழுதுவார்கள். வயது, உடல் எடை, வேலையின் கடுமை ஆகியவற்றைப் பொறுத்துக் கலோரித் தேவை மாறும். வயலில் குனிந்து நிமிர்பவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு வைக்க முடியாது. கலோரி நிறைந்தால் மட்டும் போதாது. புரதமும் காய்கனியும் போதிய அளவு இருக்க வேண்டும். தானியத்தைக் கூட்டிப் பருப்பையும் காயையும் குறைத்தால் கலோரி சரியாக இருக்கும், செலவு வேகமாக இறங்கும். யாராவது சந்தேகப்படும்படி மலிவான உணவுக் கணக்கு காட்டினால், கிராம் பட்டியலில் காய், பழம், பருப்பு வரிகளைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு விலை. தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் கடைகளில், அவர்கள் வாங்கும் அளவில், அவர்கள் வாங்கும் தரத்தில் விலை எடுக்க வேண்டும். மொத்த விலையில் 50 கிலோ மூட்டையின் கணக்கு, தினமும் அரைக் கிலோ வாங்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது. தோல், கொட்டை, எலும்பு போக மிஞ்சும் பங்கையும் பார்க்க வேண்டும். தட்டில் 100 கிராம் விழ, கடையில் அதைவிட அதிகமாக வாங்க வேண்டியிருக்கும். வீணாவதற்கும், மசாலா போன்ற சில்லறைக்கும், ஒரே சாப்பாட்டைத் தினமும் சாப்பிடாமல் கொஞ்சம் மாற்றிக்கொள்வதற்கும் சில விழுக்காடு கூட்டுவார்கள். நம் குடும்பத்தில் இதெல்லாம் சேர்த்துத் தலைக்கு நாளொன்றுக்கு 30 ஆகிறது என்று வைப்போம். நான்கு பேர், ஆண்டுக்கு 365 நாள், பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,650. இங்கே 30 நாள் என்று பெருக்கினால் 3,600தான் வரும். ஆண்டில் ஐந்து நாள் பட்டினி என்று பொருள்.

அடுத்தது வீடு. இதைக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. சொந்த வீட்டில் இருப்பவர்கள் வாடகை எழுதமாட்டார்கள், ஏழைகள் இப்போது இருக்கும் குடிசையின் வாடகையை எழுதுவார்கள். இரண்டுமே கண்ணியமான வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்லாது. ஆகவே முதலில் தரத்தை எழுதிவைக்க வேண்டும்: உறுதியான சுவர், ஒழுகாத கூரை, காற்றோட்டம், கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மின்சாரம், நால்வருக்குப் போதிய இடம். பிறகு அந்தத் தரத்துக்கு ஊரில் உண்மையில் இருக்கும் வீடுகளைப் போய்ப் பார்த்து வாடகை கேட்க வேண்டும். வாடகை 1,500, தண்ணீர், மின்சாரம், சமையல் எரிபொருள், சிறு பழுது எல்லாம் 350. மொத்தம் 1,850.

மீதமுள்ளவை ஏராளம்: துணிமணி, போக்குவரத்து, படிப்பு, மருத்துவம், அலைபேசி, உறவினர் வீட்டு விசேஷம், கொஞ்சம் பொழுதுபோக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக விலை விசாரித்தால் கணக்கு முடியவே முடியாது. அதனால் ஒரு குறுக்கு வழி. அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை எடுத்து, நடுவிலிருந்து கொஞ்சம் கீழே உள்ள குடும்பங்கள் உணவுக்கு 100 செலவழித்தால் மற்றவற்றுக்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று பார்ப்பது. புகையிலை போன்ற தேவையற்ற வரிகளை முதலில் நீக்கிவிட வேண்டும். நம் கணக்கில் அந்த விகிதம் 90 என்று வைப்போம். 3,650ஐ 0.9ஆல் பெருக்கினால் 3,285.

இங்கேதான் அனுபவமுள்ளவர்கள் நின்று நிதானிப்பார்கள். வருமானம் குறைந்த வீடுகள் மருத்துவத்துக்குக் குறைவாகச் செலவழிப்பது, நோய் குறைவு என்பதால் இல்லை, மருத்துவரிடம் போகாததால். பிள்ளை பாதியில் படிப்பை விட்டுவிட்டால் அந்த வீட்டின் கல்விச் செலவு கணக்கெடுப்பில் அழகாகக் குறைந்திருக்கும். அப்படிக் குறைந்த செலவை வாழ்வூதியத்துக்குள் எடுத்துக்கொண்டால், இன்றைய வறுமையே நாளைய அளவுகோல் ஆகிவிடும். ஆகவே விகிதத்தால் கிடைத்த தொகைக்குள் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம் 3,285க்குள் மருத்துவத்துக்கு 200, படிப்புக்கு 230 இருக்கிறது. ஊரில் நேரில் விசாரித்தால், அரசு மருத்துவமனையையே நம்பினாலும் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து என்று 320 ஆகிறது. இரண்டு பிள்ளைகளும் உயர்நிலைப் பள்ளி முடிக்கும் வரைக்குமான செலவைச் சராசரியாக்கினால் மாதம் 390. ஆக 120, 160 என்று இரண்டு தொகைகளைக் கூட்ட வேண்டும். மற்றவை மொத்தம் 3,565.

உணவு 3,650, வீடு 1,850, மற்றவை 3,565. கூட்டினால் 9,065. ஒரு சாவு, ஒரு விபத்து, சில வாரம் வேலையின்மை வந்தால் குடும்பம் கடனில் விழாமல் இருக்க 5 விழுக்காடு சேர்ப்பது வழக்கம். 453 சேர்ந்து 9,518. கண்ணியமான, ஆனால் சிக்கனமான வாழ்க்கைக்கு இந்தக் குடும்பத்துக்கு மாதம் தேவைப்படுவது இது.

எத்தனை பேரால் வகுப்பது?

விலைகளில் பத்து விழுக்காடு தவறினால் ஊதியமும் ஏறக்குறைய அந்த அளவே தவறும். வகுக்கும் எண்ணில் தவறினால் எல்லாமே புரண்டுவிடும்.

ஒருவர் மட்டும் சம்பாதிப்பதாக எடுத்தால் அவருக்கே 9,518 வேண்டும். இருவரும் முழுநேரம் வேலை பார்ப்பதாக எடுத்தால் தலா 4,759 போதும். இரண்டும் நடப்பை ஒட்டியவை அல்ல. ஆங்கர் முறை, ஒருவர் முழுநேரம் வேலை செய்கிறார் என்று வைத்து, மற்றவர் எவ்வளவு வேலை செய்ய வாய்ப்பு என்பதைத் தரவிலிருந்து எடுக்கிறது. வேலை வயதில் உள்ளவர்களில் வேலையில் இருப்பவரும் தேடுபவரும் எத்தனை விழுக்காடு, அவர்களில் வேலை கிடைக்காதோர் எத்தனை, பகுதிநேரம் பார்ப்போர் எத்தனை என்ற மூன்றும் வேண்டும். பகுதிநேர வேலையை அரை வேலையாக எண்ணுவார்கள்.

```
1 + 0.78 × (1 − 0.06) × (1 − 0.20/2) = 1.66
```

இதில் 78 விழுக்காட்டினர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள், அவர்களில் 6 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை, வேலையில் இருப்போரில் 20 விழுக்காட்டினர் பகுதிநேரம். ஆக வீட்டுக்கு 1.66 முழுநேர உழைப்பாளிகள். 9,518ஐ 1.66ஆல் வகுத்தால் 5,734.

இந்த எண்ணுக்குள் ஒரு சமூகத் தீர்ப்பும் உட்கார்ந்திருக்கிறது. 1907இல் ஆஸ்திரேலியாவில் நீதிபதி ஹிக்கின்ஸ், மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு தொழிலாளியின் தேவையைப் பார்த்து, திறன் தேவைப்படாத வேலைக்கு நாளொன்றுக்கு 7 ஷில்லிங் நியாயமான ஊதியம் என்று தீர்ப்பளித்தார். குடும்பத்தைத் தாங்குபவர் ஆண் என்பது அதன் அடித்தளம். அதே தர்க்கம் திரும்பி வந்து, பல ஆண்டுகள் அங்கே பெண்களின் அடிப்படை ஊதியம் ஆணின் ஊதியத்தில் 54 விழுக்காடு என்று நின்றது. ஒருவரால் வகுப்பது தொழிலாளிக்கு நல்லதுபோல் தோன்றினாலும், 'உன் குடும்பத்தைத் தாங்க வேறொருவர் இருக்கிறார்' என்று இன்னொருவரிடம் சொல்ல அது வழிவிடும். மறுபக்கம், இரண்டால் வகுத்தால், பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரத்துக்கு மதிப்பே இல்லை என்றாகிறது. அப்படி வகுப்பவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆகும் கட்டணத்தையாவது செலவில் சேர்க்க வேண்டும். செலவில் சேர்க்காமல் இரண்டால் வகுத்த கணக்குகள் நிறைய உலவுகின்றன. அவை தரும் ஊதியத்தை நம்பக் கூடாது.

குடும்ப அளவுக்கும் இதே எச்சரிக்கை. சராசரிக் குடும்ப அளவை அப்படியே எடுத்தால் தனியாக வாழும் முதியவர்களும் மாணவர்களும் சராசரியைக் கீழே இழுத்துவிடுவார்கள். அதனால் ஒற்றை ஆள் வீடுகளையும் மிகப் பெரிய கூட்டுக் குடும்பங்களையும் ஒதுக்கிவிட்டுப் பார்ப்பதோடு, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்ற தரவோடும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரவர் குடும்பத்துக்கு ஏற்ப ஊதியம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் நான்கு பிள்ளைகள் உள்ளவரை யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். அதனால்தான் ஊருக்கு ஒரு மாதிரிக் குடும்பம், அதற்கு ஒரே ஊதியம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வைத்திருக்கும் வாழ்வூதியக் கணிப்பான் வேறு வழியில் போகிறது. பல வகைக் குடும்பங்களுக்குத் தனித்தனித் தொகை காட்டுகிறது. இத்தகைய பட்டியலைப் படிக்கும்போது, எடுத்துக்காட்டுபவர் பிள்ளை இல்லாத தனியாளின் தொகையைச் சொல்கிறாரா, குடும்பத்தின் தொகையைச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்பளச் சீட்டோடு ஒப்பிடும்போது

5,734 என்பது கைக்கு வர வேண்டிய தொகை. சட்டக் கோடு பிடித்தத்துக்கு முந்திய தொகை. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் இடைவெளி சின்னதாகத் தெரியும். வருங்கால வைப்பு, காப்பீடு என்று சம்பளத்தில் 8 விழுக்காடு பிடிக்கிறார்கள் என்றால், 5,734ஐ 0.92ஆல் வகுக்க வேண்டும்: 6,233. எட்டு விழுக்காட்டை மேலே கூட்டினால் 6,193 வந்து, 40 குறையும். முன்பு 20 விழுக்காட்டில் பார்த்த அதே பிழைதான்.

இனி சட்டக் கோடு நாளொன்றுக்கு 160 என்று வைப்போம். வாராந்திர விடுமுறைக்குக் கூலி தனியாகக் கிடைக்காத ஊரில் மாதத்துக்கு 26 நாள், 4,160. இது வாழ்வூதியத்தில் 67 விழுக்காடு. வேலை இல்லாத நாட்களையும் சேர்த்து 30ஆல் பெருக்கினால் 4,800 ஆகி, 77 விழுக்காடு என்று காட்டிவிடலாம். ஒரு பைசா உயராமல் பத்து விழுக்காடு 'முன்னேற்றம்' வந்துவிடும். விடுமுறை நாளுக்கும் கூலி உண்டு என்று சட்டமே சொல்லும் இடங்களில் 30ஆல் பெருக்குவது சரியே. எது பொருந்தும் என்பது சம்பளச் சீட்டில் வேலை நாட்கள் என்ற வரியில் தெரியும்.

ஒப்பீட்டுக்கு எதைச் சம்பளமாக எண்ணுவது என்பதில்தான் நிறுவனங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் வழுக்குகின்றன. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, மாதாமாதம் உறுதியாக வரும் படிகள் எல்லாம் சேரும். உற்பத்தி இலக்கை எட்டினால்தான் கிடைக்கும் ஊக்கத்தொகை, எல்லோருக்கும் வழக்கமான நேரத்துக்குள் கிடைக்கக்கூடியதாக இருந்தால்தான் சேர்க்கலாம். ஓவர்டைம் சேரவே சேராது. இலவசச் சாப்பாடு, தங்குமிடம், வேன் போன்றவற்றுக்கு ஓரளவு மதிப்பு கொடுக்கலாம், ஆனால் குடும்பம் அதே அளவு செலவை உண்மையில் மிச்சப்படுத்தும் மட்டுக்குத்தான். எட்டு பேரை ஓர் அறையில் படுக்கவைக்கும் விடுதி, குடும்பத்தின் 1,850 வீட்டுச் செலவில் ஒரு காசும் குறைப்பதில்லை. பிள்ளைகள் ஊரில் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அரசு தரும் உதவியும் கணக்கை மாற்றும். படிப்பும் மருத்துவமும் உண்மையில் இலவசம், பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு என்றால் குடும்பத்தின் செலவு குறையும், தேவைப்படும் ஊதியமும் குறையும். ஆகவே ஒரு நாட்டின் வாழ்வூதியத்தை இன்னொரு நாட்டின் வாழ்வூதியத்தோடு வைத்துப் பார்த்து, இங்கே கூடுதல் அங்கே குறைவு என்று சொல்வதில் பொருளில்லை.

நம் குடும்பத்துக்கே திரும்பி, சட்டக் கோட்டில் அவர்கள் எப்படி மாதத்தை ஓட்டுவார்கள் என்று பார்ப்போம். 4,160இல் பிடித்தம் போக ஒருவருக்குக் கைக்கு வருவது 3,827. 1.66 பேருக்கு 6,353. தேவை 9,518. துண்டு விழுவது 3,165. இதை உழைப்பால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமென்றால்? நாளைக்கு எட்டு மணி நேரம், 26 நாள் என்று மாதத்துக்கு 208 மணி நேரம். மணிக்குக் கைக்கு வருவது 18.40. 3,165க்கு 172 மணி நேரம் கூடுதலாக வேண்டும். வீட்டில் உழைக்கும் 1.66 பேருக்கும் 26 நாளுக்கும் பிரித்தால் ஒவ்வொருவரும் தினமும் இன்னும் நான்கு மணி நேரம், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை நாள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி கிடைத்தால் பத்து மணி நேரம்.

பெரும்பாலான வீடுகள் இதைச் செய்வதில்லை, செய்யவும் முடியாது. சட்டத்துக்கு முழுக்க உட்பட்ட சம்பளமே வாங்கினாலும் அவர்கள் அந்த 3,165ஐ வேறு இடங்களில் வெட்டுகிறார்கள். முதலில் வெட்டுப்படுவது எதிர்பாராச் செலவுக்கு வைத்த 453. அடுத்து, மேலே கூட்டிய அந்த மருத்துவ 120, படிப்பு 160. இவையெல்லாம் சேர்ந்தும் 733தான் ஆகும். இன்னும் 2,432 பாக்கி. பிறகு தட்டில் பருப்பும் காயும் குறைந்து தானியம் கூடும். அடுத்த கணக்கெடுப்பு வரும்போது அந்த வீட்டின் செலவு குறைவாகப் பதிவாகும், ஊதியக் குழுவின் மேசைக்கும் அந்தத் தாள்தான் போகும்.